சம்பளக் கணக்கை வெளியே கொடுத்தவர்கள் உண்டா? உங்கள் அனுபவம் என்ன?

கணக்குமேசை:
எங்கள் நிறுவனத்தில் 120 பேர். சம்பளக் கணக்கை ஒரே ஒருவர்தான் போட்டுவந்தார். மாதத்தில் 6 நாள் அந்த வேலை, மற்ற நாட்களில் பில், வங்கி வேலைகள். வெளியே கொடுக்கலாமா என்று பார்த்தபோது, அவருடைய முழுச் சம்பளத்தையும் வெளி நிறுவனத்தின் கட்டணத்தையும் ஒப்பிட்டுக் கொடுத்துவிட்டோம். அங்கேதான் தப்பு. அவர் எங்களிடமே இருக்கிறார், அவரிடமிருந்து போனது அந்த 6 நாள் வேலை மட்டும்தான். அதிலும் லீவு, ஓவர்டைம் விவரங்களைத் திரட்டி அனுப்ப 3 நாள், வந்த பட்டியலைச் சரிபார்க்க 1 நாள். ஆக, மிச்சம் 2 நாள்.

ஆனாலும் வேலையைத் திரும்ப உள்ளே கொண்டுவரவில்லை. முன்பு ஒரு மாதக் கடைசியில் அவர் காய்ச்சலில் படுத்துவிட, எல்லோருக்கும் சம்பளம் தள்ளிப்போனது. அந்தப் பயம் இப்போது இல்லை. நாங்கள் காசு கொடுப்பது அதற்குத்தான்.

நீலப்பேனா:
வெளி நிறுவனங்கள் தங்கள் ஆட்களுக்குக் குறைந்த சம்பளம் கொடுக்கின்றன, அதனால்தான் மலிவு. வேறு காரணம் எதுவும் இல்லை.

பழையகோப்பு:
அது பாதிதான் சரி. 20 வருடம் இந்த வேலையில் இருக்கிறேன். வரிப் பிடித்தத்தில் விதி மாறினால், அவர்கள் ஒருமுறை படித்து, மென்பொருளை ஒருமுறை திருத்தினால் போதும், அத்தனை வாடிக்கையாளருக்கும் ஆகிவிடும். நாம் 120 பேருக்காக அதே பாட்டைப் படவேண்டும்.

ஆனால் வெளியே வாங்குவதற்கும் செலவு உண்டு. விலை பேச, ஒப்பந்தம் எழுத, கண்காணிக்க எல்லாம் ஆள் வேண்டும். பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ் 1937-லேயே இதை எழுதினார்: நிறுவனம் என்ற ஒன்று இருப்பதற்கே அந்தச் செலவுதான் காரணம் என்று. சம்பளக் கணக்கு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால் பிழைத்தோம். எங்களுக்கென்றே எழுதிய ஒரு மென்பொருளையும் ஒரு வெளி நிறுவனத்திடம் விட்டிருந்தோம். இரண்டு வருடத்தில் அதன் உள்விவரம் தெரிந்தவர்கள் அவர்களிடம் மட்டுமே இருந்தார்கள். அப்புறம் ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் அவர்கள் சொன்னதுதான் விலை.

மழைத்துளி:
என்னை அதே மேசையில் உட்காரவைத்துக்கொண்டு ஒப்பந்த நிறுவனத்துக்கு மாற்றிவிட்டார்கள். வேலை அதேதான், லீவு மட்டும் குறைந்தது. இதுவும் நீங்கள் பேசுவதும் ஒன்றா?

பழையகோப்பு:
உங்கள் விஷயத்தில் யாருடைய திறமையையும் புதிதாக வாங்கியதாகத் தெரியவில்லை. நீலப்பேனா சொன்னது இங்கே பொருந்தும்.

கணக்குமேசை:
ஒன்று சொல்ல விட்டுப்போனது. விவரம் அனுப்பக் கடைசி நாள் 22. ஒருவர் 25-ஆம் தேதி விலகினார், அவருக்கு முழு மாதச் சம்பளமும் போய்விட்டது. திரும்ப வாங்கப் படாதபாடு பட்டோம். இப்போது போன மாதத் தொகையோடு ஒவ்வொரு பெயரையும் ஒப்பிட்டு, மாறியிருந்தால் காரணம் கேட்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. விலகுபவரின் சம்பளத்தை மட்டும் நிறுத்திவைக்க ஒப்பந்தத்தில் யாராவது வழி செய்திருக்கிறீர்களா?