ஓடும்போது துல்லியம், படமாக எடுத்தால் சீப்புப் பல்: தம்ப்நெயிலுக்கு உதவி தேவை (அவசரம்)

வாசகவட்டம்
நண்பர்களே, எங்கள் வாசகர் வட்டத்தில் நடந்த உரையை இன்றிரவு யூடியூபில் ஏற்றியாக வேண்டும். தம்ப்நெயிலுக்குப் பேச்சாளரின் படத்தை வீடியோவிலிருந்தே எடுத்து, பின்னணியை வெட்டிவிட்டு, பக்கத்தில் தலைப்பு போடலாம் என்று நினைத்தேன். வீடியோ ஓடும்போது முகம் துல்லியமாக இருக்கிறது. படமாக எடுத்தால் கை, காதோரம், மூக்குக் கண்ணாடி எல்லாம் சீப்புப் பல் போல வரிவரியாகக் கிழிந்திருக்கின்றன. பின்னணியை நீக்கினால் ஓரம் ரம்பமாகிறது. ஐயாவும் ஒரு சுற்று இளைத்தவர் போலத் தெரிகிறார். என்ன செய்வது?

மணல்மேடு
எதில் எடுத்த வீடியோ? எந்த மென்பொருளால் படம் எடுத்தீர்கள்? இரண்டையும் சொல்லவில்லையே.

பழைய_லென்ஸ்
இதில் கேட்க என்ன இருக்கிறது? ஷட்டர் வேகம் 50இல் ஒரு பங்குதான் வைத்திருப்பார்கள். அந்த நேரத்துக்குள் கை நகர்ந்தால் மங்கத்தான் செய்யும். எந்த மென்பொருளாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பேச்சாளர் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில் வேறு படம் எடுங்கள்.

வெண்பலகை
படத்தை ஜேபிஜியாகச் சேமித்தீர்களா? அதுதான் காரணம். ஜேபிஜி ஓரங்களைக் கடித்துவிடும். பிஎன்ஜி ஆக்கிப் பாருங்கள்.

கீழவீதி
எனக்கும் இதே போன்ற பிரச்சினை. மகளின் விண்ணப்பத்துக்குக் கைப்பேசி வீடியோவிலிருந்து பாஸ்போர்ட் அளவுப் படம் எடுத்தேன். பின்னணி வெள்ளையாக இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதற்கும் வழி சொல்லுங்கள்.

தலைமைக்கணினி
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். கோப்பின் பெயர், அளவு, பயன்படுத்திய கட்டளை: இந்த மூன்றையும் எழுதாமல் "அவசரம்" என்று மட்டும் எழுதினால் நாங்கள் ஜோசியமா பார்ப்போம்? முதலில் சட்டகத்தைச் சரியாகப் பிரித்தெடுக்கப் பழகுங்கள்.

வாசகவட்டம்
மன்னிக்கவும். கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் பழைய ஹேண்டிகேமில் எடுத்துத் தந்தார். நான் கொடுத்த கட்டளை இதுதான்:

```
ffmpeg -i 00012.MTS -ss 00:14:20 -vframes 1 padam.jpg
```

படத்தின் அளவு 1440க்கு 1080 என்று காட்டுகிறது. இப்போது பிஎன்ஜியாகவும் எடுத்துப் பார்த்தேன். முகத்தில் இருந்த சிறு கட்டங்கள் போய்விட்டன, சீப்பு அப்படியே இருக்கிறது.

மணல்மேடு
"சட்டகம்" என்றால் அவருக்குப் புரியுமா? பிரேம் என்று சொல்லுங்களேன்.

தலைமைக்கணினி
தமிழில் சொல் இருக்கும்போது ஏன் சொல்லக்கூடாது?

மணல்மேடு
என் அப்பா தச்சர். அவரிடம் சட்டகம் என்றால் ஜன்னலுக்கு அளவெடுக்கக் கிளம்பிவிடுவார்.

தலைமைக்கணினி
நீங்கள் "ஜன்னல்" என்று எழுதுவதே போர்த்துக்கீசியம்தான், தெரியுமா?

எடிட்மேசை
அகராதியை மூடிவிட்டுக் கொஞ்சம் படத்தைப் பாருங்கள். 1440க்கு 1080 என்று சொன்னதிலேயே ஐயா ஏன் இளைத்தார் என்பது தெரிந்துவிட்டது. அந்தக் காலத்துக் கேமராக்களில் பல, அகலத்தை 1440 புள்ளிகளாகச் சுருக்கிப் பதிவு செய்யும். வீடியோ பிளேயர் அதைத் தானே 1920க்கு விரித்துக் காட்டிவிடும். படமாக எடுத்தால் விரிக்க ஆள் இல்லை.

சீப்பும் அதே சங்கதிதான். இது இன்டர்லேஸ் வீடியோ. கேமரா ஒற்றைப்படை வரிகளை ஒரு நொடித் துணுக்கில் பிடிக்கிறது, இரட்டைப்படை வரிகளை 50இல் ஒரு பங்கு நொடி கழித்துப் பிடிக்கிறது. இரண்டையும் ஒரே படமாகக் கோத்து வைக்கிறது. அந்த இடைவெளியில் கை நகர்ந்திருந்தால் ஒரு படத்தில் இரண்டு கைகள் வரிவிட்டு வரி பின்னிக்கிடக்கும். அசையாத மேசையிலும் பூச்சாடியிலும் சீப்பு இருக்காது, பாருங்கள். பிளேயர் ஓட்டும்போதே இந்தப் பின்னலைப் பிரித்துவிடுவதால் உங்கள் கண்ணுக்கு அது தெரியவில்லை.

ஒரே ஒரு படம் எடுக்காமல், இரண்டு நொடியை முழுதாகப் பிரித்து எடுங்கள்:

```
ffmpeg -ss 00:14:19 -i 00012.MTS -t 2 -vf bwdif=1,scale=1920:1080,setsar=1 f_%03d.png
```

பின்னலை அவிழ்த்து, 1920க்கு விரித்து, சுமார் 100 படங்களைத் தரும். கண் திறந்து, வாய் பாதியில் நிற்காமல், கை அசையாமல் இருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அசையாத இடங்களில் முழு நுணுக்கமும் கிடைக்கும். அசையும் இடங்களில் பாதி வரிகள்தான் உண்மை, மீதி ஊகம்.

பழைய_லென்ஸ்
இரண்டு நொடிக்கு 100 படமா? என் மடிக்கணினியில் இடமே இருக்காது.

எடிட்மேசை
எடுத்ததும் 99ஐ அழித்துவிடுங்கள், ஐயா.

வாசகவட்டம்
அற்புதம், சீப்பு போய்விட்டது, முகமும் பழையபடி உருண்டையாகிவிட்டது. ஆனால் வெட்டுவதில் சிக்கல். அவர் வெள்ளை ஜிப்பா. வலது தோளுக்குப் பின்னால் பச்சை பேனர், இடது தோளுக்குப் பின்னால் வெளிர் மஞ்சள் சுவர். கிம்ப்பில் Foreground Select வைத்து வெட்டினேன். வலது தோள் ஓரத்தில் பச்சை ஒட்டிக்கொண்டிருக்கிறது, இடது தோள் சுவரோடு கரைந்தே போய்விட்டது.

எடிட்மேசை
இடது தோளுக்கு நிறத்தைப் பார்த்துப் பிரிக்கும் கருவி எதுவும் உதவாது. வெள்ளைக்கும் வெளிர் மஞ்சளுக்கும் உள்ள வேறுபாட்டை அதனால் பிரிக்க முடியாது. Paths கருவியை எடுத்து, கழுத்திலிருந்து கை வரை ஆறேழு புள்ளி வைத்துக் கோட்டை வளைத்து நீங்களே வரையுங்கள். தோள் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால், அவர் சற்றுத் திரும்பிய வேறொரு படத்தைப் பார்த்து வரையலாம்.

பச்சை ஒட்டுவதற்குக் காரணம் வேறு. இவ்வகை வீடியோவில் வெளிச்சம் ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாக இருக்கும், நிறம் மட்டும் நான்கு புள்ளிக்கு ஒன்றுதான். அதனால் பேனரின் பச்சை ஜிப்பாவுக்குள் ஓரிரு புள்ளி கசியும். தேர்வை ஒரு புள்ளி உள்ளே சுருக்கி, ஒன்றரைப் புள்ளி மென்மையாக்கி, லேயர் மாஸ்க்காக மாற்றுங்கள். அழிப்பானால் அழித்துவிடாதீர்கள், பிறகு முடியைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மிச்சமிருக்கும் பச்சைக்கு, மேலே புதிய லேயர் வைத்து அதை HSL Color ஆக்கி, ஜிப்பாவின் நிறத்தைத் தொட்டு ஓரத்தில் தடவுங்கள். துணியின் மடிப்பு அப்படியே இருக்கும், நிறம் மட்டும் மாறும்.

இவை எல்லாவற்றையும் 1920 அளவிலேயே செய்துவிட்டு, கடைசியில் 1280க்கு 720 ஆகச் சுருக்குங்கள். ஓரத்தின் பாதிக் குற்றம் அந்தச் சுருக்கலிலேயே மறைந்துவிடும்.

வெண்பலகை
வெட்டியதைச் சேமிக்கும்போது பிஎன்ஜிதான். ஜேபிஜியில் பின்னணி ஒளிபுகும் தன்மை தங்காது. நான் சொன்னது முழுத் தவறில்லை.

தலைமைக்கணினி
மேடையில் வெள்ளைச் சட்டைக்காரரை வெளிர்நிறச் சுவருக்கு முன்னால் நிறுத்தியதுதான் மூலத் தவறு. அடுத்த முறை கருநீலத் திரை கட்டுங்கள்.

மணல்மேடு
எண்பது வயது ஆசிரியரிடம் போய் "ஐயா, நீலத் திரைக்கு முன்னால் நில்லுங்கள்" என்று நீங்கள் சொல்வீர்களா?

கீழவீதி
சட்டை நிறம் இருக்கட்டும். என் மகள் படத்துக்கு யாராவது பதில் சொல்வீர்களா?

எடிட்மேசை
கீழவீதி, விண்ணப்பத்துக்கு வீடியோ வேண்டாம். வெள்ளைச் சுவரின் முன் நிறுத்தி, கைப்பேசியிலேயே புகைப்படமாக எடுங்கள்.

வாசகவட்டம்
37ஆவது படத்தை எடுத்துக்கொண்டேன். பச்சை போய்விட்டது. இடது தோளை மூன்று முறை வரைந்தும் பிடிபடவில்லை, அதன்மேல் தலைப்பு எழுத்துகளைப் போட்டு மறைத்துவிட்டேன். ஏற்றியாயிற்று. நன்றி.

பழைய_லென்ஸ்
37ஆவது படத்தில் கை அசையாமல்தானே இருந்தது? மற்றவற்றைத் திறந்து பாருங்கள். சீப்பு போயிருக்கும், மங்கல் போயிருக்காது.