இரண்டாவது குழந்தை: எனக்கு வேணும், மனைவிக்கு வேண்டாம். எப்படிப் பேசுறது?

தாம்பரம்_கார்த்தி
எனக்கு 37, மனைவிக்கு 34, மகளுக்கு நாலு வயசு. ரெண்டு பேருக்கும் தனியார் வேலை. இன்னொரு குழந்தை வேணும்னு எனக்கு ஆசை, அவங்க முடியாதுன்னு சொல்றாங்க. பேச்சை எடுத்தாலே பத்து நிமிஷத்துல சண்டை. முதல் பிரசவம் சிசேரியன், கர்ப்பத்துல சர்க்கரை இருந்துச்சு. இதை எப்படிப் பேசித் தீர்க்கிறது?

சுடர்விழி
முதலில் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “இப்ப இருக்கிற சிரமம் எல்லாம் சரியாயிட்டா உன் பதில் மாறுமா, அப்பவும் இதேதானா?” கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். “மாறும்” என்றால் பேச வேண்டியது சிரமங்களைப் பற்றி. “மாறாது” என்றால் சிரமங்களைப் பட்டியல் போடவே கூடாது, அங்கே பேச்சே வேறு. “தெரியலை” என்றால் அவகாசம் கொடுங்கள்.

தம்பதிகள் ஆலோசனைக்கு வரும்போது அடிக்கடி பார்ப்பது இதுதான்: ஒருவர் பத்து வருடம் கழித்து இரண்டு பிள்ளைகள் சேர்ந்து விளையாடுவதைப் பற்றிப் பேசுவார். மற்றவர் அடுத்த பதினெட்டு மாதத் தூக்கத்தைப் பற்றிப் பேசுவார். இருவரும் ஒரே விஷயத்தைப் பேசுவதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

நேரமும் முக்கியம். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு ராத்திரி பத்தரைக்கு ஆரம்பிக்காதீர்கள். ஞாயிறு காலை, மகளை யாரிடமாவது விட்டுவிட்டு, நாற்பது நிமிடம். ஒருவர் பத்து நிமிடம் பேசட்டும். மற்றவர் பதில் சொல்லாமல், கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லி “சரியா சொன்னேனா?” என்று கேட்கட்டும். “இல்ல, நான் சொன்னது அது இல்ல” என்று வந்தால் மறுபடி சொல்லுங்கள். பிறகு முறை மாறும். அன்றைக்கு எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

இது கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. திருப்பிச் சொன்ன கையோடு “ஆனா...” என்று சேர்ப்பது. அந்த “ஆனா” வந்ததும் எதிரில் இருப்பவர் காதை மூடிக்கொள்வார். நெஞ்சு படபடக்க ஆரம்பித்தால் நிறுத்துங்கள். உடம்பு அடங்க இருபது நிமிடமாவது ஆகும். எழுந்து போகும்போது, திரும்ப எப்போது உட்காருவது என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால், ஓடிப்போனதாகத்தான் தெரியும்.

கொங்கு_ரவி
பேசிப் பேசியே வருசம் ஓடிருமுங்க. அவங்களுக்கு 34. முப்பத்தஞ்சு தாண்டினா கதவை மூடின மாதிரிதான். முதல்ல சிசேரியன்னா ரெண்டாவதும் சிசேரியன்தான், அதுலயும் மாற்றமில்லை. ஆறப்போட்டா அப்புறம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையோணும். இந்த உண்மையை அவங்ககிட்ட நேரா சொல்லுங்க, முடிவு தானா வரும்.

மகப்பேறு_செவிலி
ரவி, பாதி சரி. கருத்தரிக்கும் வாய்ப்பு முப்பதுகளின் தொடக்கத்தில் மெல்லக் குறைய ஆரம்பித்து, 37-க்கு மேல் வேகமாகக் குறைகிறது. ஆனால் 35-வது பிறந்தநாளில் எதுவும் மூடிக்கொள்வதில்லை. அந்த வயதுக்கு மேல், ஆறு மாதம் முயன்றும் தங்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள் என்பதுதான் நடைமுறை. அதற்குக் கீழே என்றால் ஒரு வருடம். ஆக, இவர்கள் பேசுவதற்கு ஆறு மாதம் எடுத்தால் பெரிதாக எதுவும் போய்விடாது. மூன்று வருடம் தள்ளினால்தான் கணக்கு மாறும்.

சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவத்துக்கு முயல்கிறவர்களில் பாதிக்கு மேல் வெற்றி பெறுகிறார்கள். பழைய வெட்டு எந்தத் திசையில் போட்டது, எதற்காகச் சிசேரியன் செய்தார்கள், அவசரமானால் உடனே அறுவை செய்யும் வசதி அந்த ஆஸ்பத்திரியில் உண்டா என்பதைப் பொறுத்தது. மகளுக்கு நாலு வயது என்பதால் இடைவெளி போதும். ஒரு பிரசவம் முடிந்து இரண்டு வருடமாவது கழித்து அடுத்த கர்ப்பம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு.

என் கவலை சர்க்கரையில்தான். ஒரு கர்ப்பத்தில் வந்தது அடுத்ததிலும் வர வாய்ப்பு அதிகம். இடையில் சாதாரண சர்க்கரை நோயாகவும் மாறியிருக்கலாம். வெறும் வயிற்றில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனை இருக்கிறதே, அதைப் பிரசவமாகி ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் செய்திருக்க வேண்டும். பலர் குழந்தையைப் பார்க்கும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். குழந்தை வேண்டுமோ வேண்டாமோ, அதை இப்போது செய்துவிடுங்கள்.

நெய்தல்
சுடர்விழி சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன். ஒரு பெண் வேண்டாம்னு சொல்றா. உடனே “என்ன சிரமம், சொல்லு, ஒவ்வொண்ணா சரி பண்ணலாம்”னு உட்கார்றது பேச்சுவார்த்தை கிடையாது. மறுப்பைத் துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் பதில் வச்சு, கடைசியில “இப்ப என்ன காரணம் பாக்கி இருக்கு?”ன்னு கேட்டு நிக்க வைக்கிற வேலை. சுமக்கிறவளும் வயித்தை அறுக்கக் குடுக்கிறவளும் அவ. அவ வேண்டாம்னா வேண்டாம்தான், காரணமே தேவையில்லை.

சுடர்விழி
நெய்தல் சொல்லும் ஆபத்து உண்மையானது, அப்படி நடப்பதும் உண்டு. அந்தக் கேள்வியைப் பட்டியலுக்கு முன்னால் வைக்கச் சொன்னதே அதனால்தான். “மாறாது” என்றால் பட்டியலே கிடையாது. ஆனால் “வேண்டாம்” என்ற ஒரே சொல்லில் “குழந்தையே வேண்டாம்” என்பதும், “போன தடவை மாதிரி தனியாகக் கிடந்து சாக முடியாது” என்பதும் இரண்டுமே ஒளிந்திருக்கும். பிரித்துக் கேட்காமல் விட்டால், இரண்டாவதைச் சொன்னவளுக்கும் முதலாவதைச் சொன்னதாகவே பேர்.

ஒன்றைச் சேர்க்கிறேன். முடிவு வரும்வரை கருத்தடை யார் பொறுப்பு, எந்த முறை என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். ஆணுறையா, காப்பர் டியா என்று தெளிவாக. காப்பர் டி போட்டால் வேண்டும்போது எடுத்துவிடலாம், அதனால் பின்னால் குழந்தைக்குத் தடையில்லை. இதைப் பேசாமல் “பார்த்துக்கலாம்” என்று விட்டால் ஒருவர் நம்பிக்கையோடும் மற்றவர் பயத்தோடும் படுப்பார்கள். ஞாயிறு பேசியதெல்லாம் அங்கே வீணாகிவிடும்.

நெல்லை_வேலு
தம்பி, மூத்தது பொறாமைப்படும்னுதான பயப்படுறீங்க? நாலு வயசுல சொன்னா நல்லாவே புரியும். தம்பிப் பாப்பாவுக்கு டவல் எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க, பேரு வைக்கவும் அவகிட்டயே கேளுங்க. எங்க வீட்ல அப்படித்தான் சரியாச்சு. ஒத்தைப் பிள்ளையா வளர்ந்தா பிடிவாதம் வரும்லா.

மகப்பேறு_செவிலி
வேலு அண்ணே, அவங்க இன்னும் அந்த இடத்துக்கே வரலை. ஒற்றைக் குழந்தை பிடிவாதமா வளரும்ங்கிறதையும் இந்தப் பேச்சில் ஆயுதமா எடுக்க வேண்டாம். தனிக் குழந்தைகளையும் கூடப்பிறந்தவர்களோடு வளர்ந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், குணத்தில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

தாம்பரம்_கார்த்தி
அந்தக் கேள்வியைக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் “தெரியலை. அந்த ராத்திரிகளை நினைச்சாலே உடம்பு நடுங்குது”ன்னு சொன்னாங்க. அடுத்து என்ன செய்யணும்?

சுடர்விழி
“சரி பண்ணிடலாம்” என்று உடனே சொல்லாதீர்கள். அந்த ராத்திரிகளைக் கணக்காகப் பாருங்கள். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறுக்குள் மூன்று, நான்கு தடவை வரும். பால் கொடுத்து, ஏப்பம் எடுக்க வைத்து, துணி மாற்றி, தூங்கவைக்க ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம் என்று வையுங்கள். மூன்று தடவைக்கே இரண்டேகால் மணி நேரம் விழிப்பு. மிச்சத் தூக்கமும் துண்டு துண்டாகத்தான். ஒரு தாளில் இதை எழுதி, போன தடவை ஒவ்வொரு வேலையையும் யார் செய்தார்கள் என்று அவர் பேரையோ உங்கள் பேரையோ அவரையே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் திருத்தாதீர்கள்.

பிறகுதான் அடுத்தது. பால் கொடுப்பதைத் தவிர எல்லாம் உங்கள் வேலை என்றால் ஒவ்வொரு தடவையும் அவருக்கு இருபது நிமிடமாவது மிச்சம். தாய்ப்பால் நன்றாகப் பழகிய பிறகு, ஒரு மாதம் போல ஆனதும், ஒரு வேளைக்குப் பிழிந்து வைத்த பாலை நீங்கள் கொடுத்தால் அவர் ஒன்பதிலிருந்து இரண்டு வரை ஒரே தூக்கம் தூங்கலாம். பிழிந்த பால் 25 டிகிரிக்கு மேல் போகாத அறையில் நாலு மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெயிலில் அதை நம்பாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள், நாலு நாள் வரை இருக்கும்.

அடுத்த ஓட்டை ஏழாவது மாதம். சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கும் அவருக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. தனியார் வேலையில் இருக்கும் உங்களுக்குச் சட்டம் தருவது எதுவுமில்லை, நிறுவனம் கொடுத்தால்தான். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அவருடைய அலுவலகத்தில் அது உண்மையிலேயே இயங்குகிறதா, எத்தனை மாதக் குழந்தையை எடுப்பார்கள் என்று கேட்டு வாருங்கள். “அம்மா பார்த்துப்பாங்க” என்பதைக் கணக்கில் எழுதும் முன், அந்த அம்மாவிடம் கேட்டீர்களா?

சொன்னதை நம்பவைக்க ஒரே வழி இப்போதே செய்வதுதான். மகளை எழுப்புவது, பல் தேய்க்க வைப்பது, டிபன் பாக்ஸ், வேனில் ஏற்றுவது, வெள்ளிக்கிழமை என்ன யூனிஃபார்ம் என்று ஞாபகம் வைப்பது உட்பட முழுக் காலை நேரத்தையும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நெய்தல்
இதுலதான் சிக்கலே. ரெண்டு மாசம் டிபன் பாக்ஸ் கட்டிட்டு “நான் செஞ்சேன்ல, இப்ப சொல்லு”ன்னு வந்து நிப்பார். அவ பதில் எதுவா இருந்தாலும் அந்தக் காலை வேலை தொடரும்னு முதல்லயே சொல்லணும். சொல்லி, தொடரவும் செய்யணும். இல்லேன்னா அதுக்குப் பேர் லஞ்சம்.

சுடர்விழி
ஒத்துக்கொள்கிறேன். அதைச் சொல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம்.

கொங்கு_ரவி
வயசு விசயத்துல நான் சொன்னது கொஞ்சம் அதிகம்தானுங்க, செவிலியம்மா சொன்னது சரி. ஆனா ஒண்ணு கேக்கறேன். எல்லாம் செஞ்சும் அந்தம்மா வேண்டாம்னே சொல்லிட்டா, கார்த்தியோட ஆசை என்னாகறது? அதைப் பத்தி இங்க ஒருத்தரும் பேசலையே.

நெய்தல்
ஆசை நிறைவேறாம போகும். வருத்தமாத்தான் இருக்கும். ஆனா ரெண்டு பக்கமும் ஒரே எடை இல்லை, ரவி. வேண்டாதவளைப் பெத்துக்க வைக்கிறதை அப்புறம் திருப்ப முடியாது.

கொங்கு_ரவி
திருப்ப முடியாததுன்னா ரெண்டுமே அப்படித்தானுங்க. நாப்பத்தஞ்சுல உக்காந்து, அன்னைக்கு நாம கேட்காமயே விட்டுட்டமேன்னு நினைக்கறவனுக்கு என்ன பதில்?

சுடர்விழி
நெய்தல் பக்கம்தான் நான், பெறாமல் இருக்கும் உரிமைக்குத்தான் எடை அதிகம். அதற்காக ரவியின் கேள்வியைத் தள்ளிவிட முடியவில்லை. கடைசியில் வேண்டாம் என்றே ஆனால், அந்த ஏக்கத்தைக் கார்த்தி மனைவியிடம் சொல்லலாம், ஆனால் அதை வழக்காக மாற்றக் கூடாது. “எனக்கு வருத்தமா இருக்கு” என்று சொல்லி அங்கே நிற்பது ஒன்று. அதோடு “உன்னாலதான்” என்று ஒட்டினால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. தனியாகத் தாங்க முடியவில்லை என்றால் ஒரு ஆலோசகரை முதலில் அவர் மட்டும் போய்ப் பார்க்கலாம்.

தாம்பரம்_கார்த்தி
பேப்பர்ல எழுதினோம். பன்னிரண்டு வரியில என் பேரு ரெண்டு இடத்துல இருக்கு. சர்க்கரை டெஸ்டுக்கு வர்ற சனிக்கிழமை வெறும் வயித்தோட போறோம். அடுத்து எப்ப பேசலாம்னு கேட்டேன், பொங்கலுக்கு அப்புறம்னு சொல்லியிருக்காங்க. அதுவரை இந்தப் பேச்சை எங்கம்மாவும் எடுக்கக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க. அம்மாகிட்ட நான்தான் சொல்லணும், இன்னும் சொல்லலை.

நெய்தல்
இன்னைக்கே சொல்லுங்க. “அவ வேண்டாங்கிறா”ன்னு சொல்லாதீங்க. “நாங்க ரெண்டு பேரும் பேசிட்டு இருக்கோம், நீங்க கேட்க வேண்டாம்மா”ன்னு சொல்லுங்க.