முதலில் போன் செய்தது ரெக்ரூட்டர். பதிலுக்கு நாம் வாய்ஸ் நோட் அனுப்பலாமா?

குக்கர்விசில்

போன செவ்வாய் காலை 11.20. பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும்போது ஒரு கன்சல்டன்சியிலிருந்து ஒரு மேடம் கூப்பிட்டார். டெஸ்டிங் வேலை, என் 4 வருட அனுபவத்துக்குச் சரியாக வரும் என்றார். சம்பளம் கேட்டார், சொன்னேன். நோட்டீஸ் பீரியட் 60 நாள் என்றதும் குரல் கொஞ்சம் இறங்கியது. "குறைக்க முடியுமான்னு மேனேஜர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க, இதே நம்பர்ல வாட்ஸப் இருக்கு" என்று வைத்துவிட்டார்.

மேனேஜர் 30 நாளில் விடுகிறேன் என்று சொல்லிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் நின்றபடியே வாய்ஸ் நோட் அனுப்பினேன். 1 நிமிடம் 48 விநாடி. வணக்கம், நான் இன்னார், காலையில் சிக்னல் சரியில்லை மன்னிக்கணும், உங்களிடம் பேசியதில் மகிழ்ச்சி... இப்படியே போய், 30 நாள் என்ற விஷயம் 1.20க்கு மேல்தான் வந்தது. அதன் மேலேயே குக்கர் விசில்.

பத்து நிமிடத்தில் மைக் நீலமாகிவிட்டது. கேட்டுவிட்டார், சரி என்று நிம்மதியாக இருந்தேன். வெள்ளிக்கிழமை வரை சத்தமில்லை. நானே கூப்பிட்டால், "உங்களுக்கு 60 நாள்னுதானே போட்டிருக்கேன், க்ளையன்ட் 30க்குள்ள இருக்கிறவங்களை எடுத்துட்டாங்களே" என்கிறார். அந்த நீல மைக்கை இன்னும் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். தப்பு என்னுடையதா, அவருடையதா?

ட்ராக்கர் அக்கா

ஆறு வருடம் அந்த மேடத்தின் நாற்காலியில் உட்கார்ந்தவள் நான். தப்பு பாதிப்பாதி தம்பி.

மைக் நீலமானால் ப்ளே பட்டனை அழுத்தினார் என்றுதான் அர்த்தம். முழுக்கக் கேட்டார் என்று அர்த்தமில்லை. நானும் காதில் ஹெட்செட்டோடு அடுத்தவருக்கு டயல் செய்துகொண்டே முதல் பத்து விநாடி கேட்பேன். "வணக்கம் மேடம், பேசினதில் சந்தோஷம்" என்று ஆரம்பித்தால், நன்றி சொல்லத்தான் அனுப்பியிருக்கிறார் என்று மூடிவிடுவேன்.

எங்களுக்கு ட்ராக்கர் என்று ஒரு எக்ஸெல் ஷீட் உண்டு. மொத்த அனுபவம், இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ், ஊர் எல்லாம் அதில் கட்டம் கட்டமாக இருக்கும். சாயங்காலம் க்ளையன்ட்டுக்குப் போவது அந்த ஷீட்தான். நீங்கள் டைப் செய்து அனுப்பியிருந்தால் அதை அப்படியே காப்பி செய்து கட்டத்தில் ஒட்டியிருப்பேன். குரலை எந்தக் கட்டத்தில் ஒட்டுவது? மூன்று நாள் கழித்து "நோட்டீஸ்" என்று சாட்டில் தேடினாலும் வாய்ஸ் நோட் அகப்படாது.

உங்கள் விஷயத்துக்கு இவ்வளவு போதும். ஆங்கிலத்தில் அனுப்பினாலும் சாரம் இதுதான்:

"வணக்கம் மேடம், நான் (பெயர்), செவ்வாய் 11.20க்கு டெஸ்டிங் வேலைக்காகப் பேசினோம். என் நோட்டீஸ் 60 நாளில் இருந்து 30 ஆகக் குறைகிறது, மேனேஜர் ஒப்புக்கொண்டார். புதிய ரெஸ்யூம் மெயிலில் அனுப்பியிருக்கிறேன்."

எந்த வேலை, எந்த நாள் என்பதை விட்டுவிடாதீர்கள். ஒரே நாளில் பல வேலைக்குப் பல பேரிடம் பேசியிருப்போம், பெயரை மட்டும் பார்த்தால் முகமும் வராது, வேலையும் நினைவுக்கு வராது. "ஹாய் மேம்" என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்களே, அதற்கு உங்கள் குக்கர் விசிலே மேல்.

பம்புசெட்

அக்கா சொல்வது ஐடிக்கு மட்டும். நான் சேல்ஸ். கோயமுத்தூரில் ஒரு பம்பு கம்பெனி ஓனர் அவரே கூப்பிட்டுப் பேசினார். ராத்திரி 35 விநாடி வாய்ஸ் அனுப்பினேன், மதுரைப் பக்கம் எந்தெந்த டீலரைத் தெரியும் என்று நாலு பேரைச் சொன்னேன். காலையில் "பேச்சு நல்லா இருக்கு, வாங்க" என்று பதில். பேசிப் பிழைக்கிற வேலைக்குப் பேச்சைத்தானே காட்டணும்? டைப் அடித்து அனுப்பியிருந்தால் நூற்றில் ஒன்றாகப் போயிருக்கும்.

இன்னொன்று, டெக்ஸ்ட்டில் ப்ளூ டிக்கை ஆஃப் செய்துவிட்டுப் படித்தாலும் படிக்காத மாதிரி இருக்கலாம். வாய்ஸில் அந்த வித்தை நடக்காது, ப்ளே செய்தால் தெரிந்துவிடும். அதனால் எப்போதும் வாய்ஸ்தான் பெஸ்ட்.

ட்ராக்கர் அக்கா

ப்ளே செய்தது தெரியும், அவ்வளவுதான். அதை நம்பித்தானே மேலே ஒருத்தர் மூன்று நாளைக் கோட்டை விட்டார்? உங்களுக்குப் பலித்ததற்குக் காரணம் கேட்டவர் ஓனர். அவர் யாருக்கும் ஷீட் அனுப்ப வேண்டியதில்லை.

044காரன்

என் கதை வேறு. எனக்கு வந்தது 044 நம்பரிலிருந்து. மறுநாள் அதே நம்பருக்கு, பார்த்துப் பார்த்துத் திருத்தி, எஸ்எம்எஸ் அனுப்பினேன். போகவே இல்லை, சிவப்பில் ஆச்சரியக்குறி. லேண்ட்லைனுக்கு எஸ்எம்எஸ் அனுப்பியிருக்கிறேன் என்று உறைக்கவே ஒரு மணி நேரம் ஆனது. திரும்பக் கூப்பிட்டால் ரிசப்ஷன். "எந்த ஹெச்ஆர் சார்?" என்றார்கள். எனக்குப் பெயர் தெரியாது. அங்கேயே முடிந்தது.

இப்போதெல்லாம் வைப்பதற்கு முன்னால் "உங்க பேர் என்ன, எந்த நம்பருக்கு மெசேஜ் பண்ணலாம்?" என்று கேட்டுவிடுகிறேன். வாய்ஸா டெக்ஸ்ட்டா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மஞ்சள்பை

யாரும் தெரியாத ஆளுக்கு வாட்ஸப்பில் எதுவும் அனுப்பாதீர்கள்! என்னை ஒருத்தி இப்படித்தான் கூப்பிட்டு, ரிஜிஸ்ட்ரேஷன் என்று 1,500 ரூபாய் கேட்டாள். வேலை கொடுப்பவன் நம்மிடம் காசு கேட்கவே மாட்டான். ஆதார் அனுப்பாதீர்கள், ஓடிபி சொல்லாதீர்கள், லிங்க்கைத் தொடாதீர்கள். கம்பெனி வெப்சைட்டுக்குப் போய் அவர்கள் மெயில் முகவரியின் பின்பாதி பொருந்துகிறதா என்று பாருங்கள். ஜிமெயிலில் ஆஃபர் லெட்டர் வந்தால் ஆபீஸுக்கே போன் போட்டுக் கேளுங்கள். காசை ஏற்கெனவே கட்டிவிட்டால் தாமதிக்காமல் 1930க்குக் கூப்பிடுங்கள். நான் கட்டவில்லை, மயிரிழையில் தப்பித்தேன்.

044காரன்

சார், கேள்வி அது இல்லை. ஆனாலும் 1930 உபயோகமானதுதான்.

தீப்பொறி

எங்க அண்ணன் வெல்டர். வளைகுடா வேலைக்கு ஏஜென்ட் போன் செய்தார், அப்புறம் அவரே வாய்ஸ் நோட்டாக அனுப்ப ஆரம்பித்தார். அண்ணனுக்கு டைப் அடிக்க வராது, பதிலும் வாய்ஸிலேயே போனது. அந்த வட்டாரத்தில் எல்லோரும் அப்படித்தான், யாரும் மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை.

ஒரே ஒரு இடத்தில் சிக்கியது. பாஸ்போர்ட் நம்பரையும் வாயாலேயே சொன்னார். முதல் எழுத்து 'டி', ஏஜென்ட் காதில் 'பி' என்று விழுந்தது. பின்னால் வந்த 7 இலக்கமும் சரி. பேப்பர் திரும்பி வந்து, யார் சொன்னது தப்பு என்று இருவரும் பழைய வாய்ஸ் நோட்டை மாறிமாறிப் போட்டுக் கேட்டார்கள். அண்ணன் சொன்னது டி மாதிரியும் இருக்கிறது, பி மாதிரியும் இருக்கிறது. கடைசியில் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்.

பம்புசெட்

அதனால்தான் தெளிவாகப் பேசணும் என்கிறேன்.

குக்கர்விசில்

அக்கா, நீங்கள் எழுதியதை அப்படியே போட்டு, "இந்த வேலை முடிந்திருந்தாலும் 30 நாளில் சேரக்கூடிய வேறு இடம் இருந்தால் சொல்லுங்கள்" என்று ஒரு வரி சேர்த்து இன்று காலை அனுப்பினேன். "நோட்டட், 30 டேஸ்" என்று நாலு நிமிடத்தில் பதில் வந்தது. வேலை வருமா தெரியாது. அந்த 1.48ஐ இப்போதுதான் நானே முழுக்கக் கேட்டேன். விசில் மூன்று.