எட்டுக் கோரா, ஆறு கோரா? கடைக்காரர் ஒன்று சொல்கிறார், நண்பன் ஒன்று சொல்கிறான்

பாளை_144
என்னிடம் இருப்பது ரைசன் 5 2600, பி450 போர்டு, ஆர்எக்ஸ் 6600 கார்டு. சிஎஸ்2-வில் 145 எஃப்பிஎஸ் பக்கத்திலேயே நிற்கிறது, புகையும் குண்டுமாகச் சண்டை வந்தால் 70-க்கு இறங்கிவிடுகிறது. வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் "ரைசன் 7 5700 போடு தம்பி, எட்டுக் கோர், 4.6 கிகாஹெர்ட்ஸ்" என்கிறார்கள். நண்பன் 5600 போதும் என்கிறான், அது ஆறு கோர், 4.4. கேம் நிஜமாகவே எத்தனை கோரைத் தொடுகிறது? எதை வாங்க?

வள்ளியூர்_காத்தாடி
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எட்டுக் கோர்தான். பிஎஸ்5-இல் எட்டு ஜென் 2 கோர் இருக்கிறது. 2013-இல் வந்த பிஎஸ்4-இலேயே எட்டு. கேம் எழுதுகிறவன் அதை வைத்துத்தான் எழுதுவான். நான் நாலு கோர், நாலு த்ரெட் சிபியு வைத்துக்கொண்டு சைபர்பங்க் 2077 ஓட்டியவன். சராசரி எஃப்பிஎஸ் நன்றாகத்தான் காட்டும். சந்தைக்குள் வண்டியை விட்டால் அரை நொடி நின்று நின்று போகும். கோர் இல்லாத வலி தெரிந்துதான் சொல்கிறேன்.

பேட்டை_பழையவர்
காத்தாடி, உங்கள் ஊர்க் காற்றாலை மாதிரி சும்மா சுற்றாதீர்கள். கேம் ஒன்று அல்லது இரண்டு கோரைத்தான் பயன்படுத்தும், மிச்சமெல்லாம் வேடிக்கை பார்க்கும். 2012-இல் எட்டுக் கோர் என்று ஆசைப்பட்டு எஃப்எக்ஸ்-8350 வாங்கினேன். சித்தப்பா மகன் நாலே கோர் உள்ள ஐ5-3570கே வாங்கினான். கேமில் தினமும் அவன்தான் முன்னால். அன்றைக்கு முடிவு பண்ணினேன்: கோரை எண்ணாதே, கிகாஹெர்ட்ஸைப் பார்.

தென்காசி_சாரல்
பழையவர் அண்ணாச்சி, உங்கள் கதை உங்களுக்கே எதிராகச் சாட்சி சொல்கிறதே. எஃப்எக்ஸ்-8350 4.0 கிகாஹெர்ட்ஸ், அந்த ஐ5 3.4. உங்களிடம் கோரும் அதிகம், வேகமும் அதிகம். அப்படியும் தோற்றீர்கள். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதில் ஐ5 வெகுதூரம் முன்னால் இருந்தது. இரண்டு வேறு வடிவமைப்புகளின் கிகாஹெர்ட்ஸை அருகருகே வைத்துப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது.

பேட்டை_பழையவர்
...அதை இத்தனை வருடம் யாரும் சொல்லவில்லை.

அம்பை_ரவுசு
எனக்கும் இதே கோர் பிரச்சினைதான். லேப்டாப்பில் கேம் ஆரம்பித்த பத்து நிமிடம் 90 எஃப்பிஎஸ், அப்புறம் 50. எட்டுக் கோரில் நாலு தூங்கிப்போகிறது என்று நினைக்கிறேன். எழுப்ப ஏதாவது செட்டிங் இருக்கிறதா?

தென்காசி_சாரல்
கோர் தூங்கவில்லை தம்பி, சூட்டில் எல்லாக் கோரும் சேர்ந்து வேகத்தைக் குறைக்கிறது. பத்து நிமிடம் நன்றாக ஓடி அப்புறம் விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சூட்டைத்தான். விசிறித் துவாரத்தைச் சுத்தம் பண்ணுங்கள், மெத்தை மேல் வைத்து விளையாடாதீர்கள். மேற்கொண்டு வேண்டுமென்றால் தனி இழை போடுங்கள், பாளைத் தம்பியின் கேள்வி இதில் காணாமல் போய்விடும்.

பாளை, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் கேம் என்ஜினில் வேலை பார்க்கிறவள். இன்றைய கேம் ஏறக்குறைய எல்லாக் கோரையும் தொடும், ஆனால் எல்லாக் கோரிலும் ஒரே அளவு வேலை இருக்காது. நம் ஊர்க் கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். காய் நறுக்க இருபது பேர் உட்காரலாம். எது எப்போது அடுப்பில் ஏற வேண்டும், உப்பு சரியா என்று சொல்லத் தவசிப்பிள்ளை ஒருவர்தான். கேமில் அந்தத் தவசிப்பிள்ளை மெயின் த்ரெட். யார் எங்கே நிற்கிறார், குண்டு யார் மேல் பட்டது, அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும். அசைவு, ஒலி, இயற்பியல், கார்டுக்கு அனுப்பும் கட்டளைகள் போன்றவற்றைப் பங்கு பிரிக்கலாம்.

ஒரு கணக்கு போடுவோம், எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு ஃப்ரேமுக்கு சிபியு வேலை மொத்தம் 30 மில்லிநொடி. அதில் மெயின் த்ரெட் 6, பிரிக்கக்கூடியது 24. நாலு கோரில் சமமாகப் பிரித்தால் 7.5 மில்லிநொடி, அதாவது 133 எஃப்பிஎஸ். ஐந்து கோர் இருந்தால் ஒன்று மெயின் த்ரெட்டை எடுத்துக்கொள்ளும், மற்ற நாலுக்கும் ஆளுக்கு 6, ஆக 6 மில்லிநொடி, 166 எஃப்பிஎஸ். எட்டுக் கோர் போட்டால்? அதே 6, அதே 166. காய் நறுக்குகிறவர்கள் சீக்கிரம் முடித்துவிட்டுத் தவசிப்பிள்ளைக்காகக் காத்திருப்பார்கள்.

வள்ளியூர்_காத்தாடி
அப்படியென்றால் நான் பட்டது பொய்யா?

தென்காசி_சாரல்
இல்லை, அது நிஜம். நாலு கோர், நாலு த்ரெட் இருந்தால், புதுத் தெரு நினைவகத்தில் ஏறும் நேரம் பார்த்துக் கூடுதல் வேலை குவியும். விண்டோஸும் டிஸ்கார்டும் தங்கள் பங்குக்கு இடம் கேட்கும். தவசிப்பிள்ளை உட்கார்ந்த இடத்தையே யாரோ பிடித்துக்கொள்வார்கள். அதுதான் நீங்கள் பார்த்த அரை நொடி. அது சராசரியில் தெரியாது, மிக மோசமான ஒரு சதவீத ஃப்ரேம்களைக் காட்டும் 1% லோ எண்ணில் தெரியும். கோர் ஒரு குறைந்தபட்சத் தேவை. அது நிறைந்த பிறகு மேலே கொட்டினால் வழியத்தான் செய்யும்.

பேட்டை_பழையவர்
சரி, அப்போ அந்த 6 மில்லிநொடியைக் குறைக்க கிகாஹெர்ட்ஸ்தானே வேண்டும்? சுற்றிச் சுற்றி என் கட்சிக்கே வந்துவிட்டீர்கள்.

தென்காசி_சாரல்
பாதி தூரம் வந்திருக்கிறேன். அந்த 6-இல் 3 மில்லிநொடி கணக்குப் போடுவது, 3 மில்லிநொடி ராமிலிருந்து தகவல் வரும்வரை சும்மா காத்திருப்பது என்று வையுங்கள். வேகத்தை 10 சதவீதம் ஏற்றினால் முதல் 3 மட்டும் 2.73 ஆகும், காத்திருப்பு அப்படியே நிற்கும். 166 எஃப்பிஎஸ் 174 ஆகும், அவ்வளவுதான். காத்திருப்பைப் பாதியாக்கினால் மொத்தம் 4.5 மில்லிநொடி, 222 எஃப்பிஎஸ்.

ராமுக்குப் போய்வரச் சுமார் 70 நானோநொடி ஆகும். 4.4 கிகாஹெர்ட்ஸில் அது 300 துடிப்புக்கு மேல், அத்தனையும் வீண். சிபியுவுக்குள்ளேயே இருக்கும் எல்3 கேஷில் அந்தத் தகவல் கிடைத்தால் 10 நானோநொடி பக்கம்தான். மிளகாய் வற்றல் கைக்கெட்டும் தட்டில் இருப்பதற்கும், ஒவ்வொரு தடவையும் கலவறைக்கு ஆள் அனுப்புவதற்கும் உள்ள வித்தியாசம் இது. 5800எக்ஸ்3டி என்று 2022-இல் ஒன்று வந்ததே, அதன் வேகம் 5800எக்ஸைவிடக் குறைவு, கோர் அதே எட்டு. எல்3 மட்டும் 32-க்குப் பதில் 96 எம்பி. கேம்களில் அதுதான் ஜெயித்தது.

இப்போது கடைக்காரர் சொன்ன 5700-க்கு வாருங்கள். பெயரில் எக்ஸ் இல்லாத 5700-இல் எல்3 16 எம்பிதான். 5600-இல் 32. கோரும் கூட, கிகாஹெர்ட்ஸும் கூட, ஆனாலும் பெரும்பாலான கேம்களில் 5600-ஐ அது முந்தாது, பலவற்றில் பின்தங்கும். எட்டுக் கோர்தான் வேண்டும் என்றால் 5700எக்ஸ் கேளுங்கள், அதில் 32 உண்டு. பெட்டியில் அந்த எக்ஸ் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

பாளை_144
தலை சுற்றுகிறது அக்கா, ஆனாலும் புரிகிறது. ஒரு சந்தேகம். `Task Manager`-இல் சிபியு 40 சதவீதம்தான் காட்டுகிறது. அப்புறம் எப்படி சிபியுதான் தடுக்கிறது என்று சொல்வது?

தென்காசி_சாரல்
உங்களுடையது ஆறு கோர், கோருக்கு இரண்டாக 12 த்ரெட். ஒரு த்ரெட் முழுசாகத் திணறினாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான். `Logical processors` வரைபடத்தைத் திறந்தாலும் ஒரு கட்டம் நூறில் நிற்காது, விண்டோஸ் அந்த வேலையைக் கோருக்குக் கோர் மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் சிபியு எண்ணை விடுங்கள், கார்டின் எண்ணைப் பாருங்கள். அது 95-க்கு மேல் இருந்தால் தடை கார்டில். 60, 70-இல் தூங்கி வழிந்தால் சிபியு பக்கம். உறுதி செய்ய ரெசல்யூஷனை 1280x960-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் ஏறவில்லையென்றால் கார்டு குற்றவாளி இல்லை. எஃப்பிஎஸ்ஸுக்கு உச்சவரம்பு வைத்திருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் சோதனையே பொய்யாகிவிடும்.

எந்த சிபியுவைப் போட்டாலும் பவர்ஷெல்லில் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
Get-CimInstance Win32_Processor | Select-Object Name, NumberOfCores, L3CacheSize
```

5600 என்றால் 32768 வர வேண்டும். 5700 என்றால் 16384.

பாளை_144
சோதித்துவிட்டேன். 1080-இல் 145, 1280x960-இல் 148. கார்டு 62 சதவீதம். சைபர்பங்கில் நேர்மாறு, கார்டு 98 சதவீதத்தில் நிற்கிறது.

பேட்டை_பழையவர்
அப்போ சைபர்பங்குக்கு எந்த சிபியு போட்டாலும் காசு தண்டம். இதையாவது நான் சரியாகச் சொல்கிறேனா?

தென்காசி_சாரல்
இந்தக் கார்டோடு, இந்த செட்டிங்கில், சரிதான் அண்ணாச்சி. பாளை, இன்னொன்று. பழைய சிபியு போர்டில் இருக்கும்போதே பயாஸை அப்டேட் பண்ணிவிடுங்கள். பழைய பயாஸோடு 5600-ஐ மாட்டினால் திரை கறுப்பாகவே இருக்கும், கடைக்காரர் சிபியு கெட்டுவிட்டது என்பார். கரண்ட் போகிற நேரத்தில் மட்டும் அதைச் செய்யாதீர்கள்.

வள்ளியூர்_காத்தாடி
எல்லாம் சரி அக்கா. ஆனால் தம்பி இந்த போர்டை இன்னும் நாலு வருடம் ஓட்டுவான். அதற்குள் வரும் கேமில் பிரிக்கக்கூடிய வேலை 24-க்குப் பதில் 40 ஆனால்? உங்கள் கணக்குப்படியே ஆறு கோர் பற்றாதே.

தென்காசி_சாரல்
40 ஆனால் ஆறு கோரில் 46-ஐ ஆறால் வகுக்க வேண்டும், 7.7 வரும். எட்டில் 6. நீங்கள் சொல்வது நடக்கலாம். ஆனால் வேலை கூடும்போது மெயின் த்ரெட்டும் கூடவே வீங்கும், நான் பார்த்தவரை அதுதான் வழக்கம். அந்த வித்தியாசக் காசைக் கார்டுக்குச் சேர்த்து வைக்கச் சொல்வேன். நீங்கள் 5700எக்ஸ் என்பீர்கள். அதைத் தவறென்று சொல்ல மாட்டேன்.

பாளை_144
5600 வாங்கி மாட்டிவிட்டேன். 32768 வந்தது. சிஎஸ்2 இப்போது 220 சுற்றி, சண்டையில் 115-க்குக் கீழே இறங்கவில்லை. கோர் அதே ஆறுதான். சைபர்பங்கில் எண் அசையவே இல்லை, ஆனால் சந்தையில் விக்கல் குறைந்த மாதிரி இருக்கிறது.

வள்ளியூர்_காத்தாடி
மாதிரி என்றால் எப்படி? 1% லோ எடுத்துப் போடு. பயாஸில் நாலு கோரை மட்டும் விட்டு ஒரு தடவை, ஆறோடு ஒரு தடவை, அதே சந்தை, அதே ரோட்டில். அப்புறம் பேசுவோம்.

பாளை_144
பரீட்சை முடியட்டும் அண்ணாச்சி.

அம்பை_ரவுசு
துவாரத்தில் இருந்த தூசியை வைத்து ஒரு தலையணை தைக்கலாம். இப்போது அரை மணி நேரம் 85. ஆனாலும் நாலு கோர் தூங்குகிறது என்றுதான் நினைக்கிறேன்.