பாட்டிலுக்கு விவரம் எழுதப் போய்...

குழு: கொங்கு சொந்தங்கள்
ஞாயிறு

கவிதா, காலை 9:12
எல்லாருக்கும் வணக்கம். மாமனார் கடையில் இருக்கும் செம்பு பாட்டிலை ஆன்லைனில் போடப் போகிறோம். விவரம் எழுதியிருக்கிறேன், படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

"99.9% தூய செம்பு. 1 லிட்டர். 0.8 மி.மீ. கனம். இரவு முழுக்கத் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை, தைராய்டு, மூட்டுவலி குறையும், உடல் எடை இறங்கும் என நம் முன்னோர்கள் நம்பினார்கள்."

பெருந்துறை மாமா, 9:20
அருமை அம்மிணி! அப்படியே போடு.

கோபி அத்தை, 9:31
விலை எவ்வளவு கண்ணு? நம்ம பழைய குடத்தைக் கொடுத்தால் எடைக்கு எடை மாற்றித் தருவீங்களா?

கவிதா, 9:33
அத்தை, இது மாற்றுக்கு இல்லை. எழுதினது சரியா என்று பார்க்கத்தான் போட்டேன்.

பிரபு, 9:50
அக்கா, இதில் நீ கையால் அளந்து பார்த்தது எது? ஒவ்வொன்றாகச் சொல்.

கவிதா, 9:52
1 லிட்டர் என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கு. 0.8 சப்ளையர் போனில் சொன்னது. 99.9 எல்லாரும் போடுகிறார்கள். மீதி எல்லாருக்கும் தெரிந்ததுதானேடா.

பிரபு, 9:58
அப்போ ஒன்றைக்கூட நீ பார்க்கவில்லை. சமையல் தராசு இருக்கா? மூடியைக் கழற்றிவிட்டு வெறும் பாட்டிலை நிறு. அப்புறம் கழுத்து மரைக்குக் கீழே வரை தண்ணீர் ஊற்றி மறுபடி நிறு. அதிகமானது எத்தனை கிராமோ அத்தனை மில்லி. விட்டமும் உயரமும் கூட அளந்து அனுப்பு.

கவிதா, 10:25
வெறும் பாட்டில் 262 கிராம். மரைக்குக் கீழே வரை ஊற்றினால் 1,202. வாய் ததும்ப ஊற்றினால் 1,246. விட்டம் 7.3 செ.மீ., உயரம் 26.

பிரபு, 10:34
அப்போ குடிக்கிற அளவு 940 மில்லி. ததும்ப ஊற்றினாலும் 984 தான், லிட்டர் வரவில்லை.

கனத்துக்கு இன்னொரு கணக்கு. செம்பு ஒரு கன செ.மீ. கிட்டத்தட்ட 9 கிராம். அந்தப் பாட்டிலின் தகடு மொத்தப் பரப்பு, அடியும் கழுத்தும் சேர்த்து, சுமார் 600 சதுர செ.மீ. வரும். கனம் 0.8 மி.மீ. ஆக இருந்தால் 430 கிராம் பக்கம் நிற்கணும். 262 என்றால் அரை மி.மீ. கூட முழுசாக இல்லை.

பெருந்துறை மாமா, 10:40
அடேங்கப்பா, சப்ளையர் ஏமாற்றிவிட்டானா?

பிரபு, 10:43
தெரியாதுங்க மாமா, அவருக்கு வந்த தகவலே அப்படி இருக்கலாம். அரை மி.மீ. மோசமான கனமும் இல்லை. கீழே போட்டால் நசுங்கும், அவ்வளவுதான். கனத்தை எழுத வேண்டாம் அக்கா, எடையை எழுது. வாங்குகிறவர் வீட்டிலேயே நிறுத்துப் பார்த்துக்கொள்ளலாம். மூடியைச் சேர்த்து நிறுத்து எழுதாதே. 99.9-ஐயும் எடுத்துவிடு, பரிசோதனைச் சான்றிதழ் கையில் இருந்தால் மட்டும் போடு. காந்தம் வைத்துப் பார்த்தாயா?

கவிதா, 10:47
ஒட்டவில்லை. அப்போ சுத்த செம்புதானே?

பிரபு, 10:50
இரும்பு இல்லை என்பது மட்டும்தான் தெரியும். பித்தளையிலும் ஒட்டாது, அலுமினியத்திலும் ஒட்டாது. நிறைய ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் சரியாக ஒட்டாது. வெறும் "செம்பு" என்று போடு, அதுவும் பில்லில் அப்படி இருக்கிறதால்தான். முன்னோர் நம்பினார்கள் என்கிற வரியையும் எடுத்துவிடு.

பெருந்துறை மாமா, 11:05
அதெல்லாம் இருக்கட்டும். முன்னோர் சமாசாரத்தை ஏன் எடுக்கச் சொல்கிறாய்? நம்ம அமத்தா வெள்ளிக்கிழமை தவறாமல் செம்புக் குடத்தைப் புளி போட்டு விளக்கி, ராத்திரி தண்ணி நிரப்பி வைப்பாங்க. 84 வயது வரை கண்ணாடி போடவில்லை. செம்புக்குக் கிருமியைக் கொல்லும் சக்தி உண்டு என்று விஞ்ஞானிகளே சொல்லியிருக்கிறார்கள், நானே படித்தேன்.

பிரபு, 11:18
பாதி சரிங்க மாமா. பெங்களூரில் செய்த ஒரு ஆய்வு 2012-இல் வந்தது. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் பாக்டீரியாவைத் தண்ணீரில் வேண்டுமென்றே கலந்து, செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்தார்கள். அதன்பின் சோதித்தால் அந்தக் கிருமிகளை மீட்க முடியவில்லை. தண்ணீரில் கரைந்த செம்பு லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கும் குறைவு. உலக சுகாதார அமைப்பு சொல்லும் எல்லை 2 மில்லிகிராம். நல்ல ஆய்வு, நான் மறுக்கவில்லை.

ஆனால் அது பானைக்குள் இருந்த பாக்டீரியாவைப் பற்றியது. யாரையும் குடிக்க வைத்து சர்க்கரை இறங்குதா, மூட்டுவலி போகுதா என்று பார்த்ததில்லை.

பெருந்துறை மாமா, 11:22
சரி, சர்க்கரையை எடுத்துவிடலாம். "கிருமி நாசினி" என்றாவது போடலாமே?

பிரபு, 11:31
அங்கேதான் எனக்குப் பயம். நம்ம பாட்டிலை, நம்ம ஊர்த் தண்ணியை வைத்து யாரும் சோதிக்கவில்லை. கிருமி சாகும் என்று படித்துவிட்டு ஒருவர் குளத்துத் தண்ணியைப் பிடித்து வைத்துக் குடித்தால்? போர் தண்ணியில் இருக்கும் உப்பும் ஃப்ளோரைடும் செம்பில் வைத்தால் போகாது. லேபில் எங்களிடம் வரும் சாம்பிளில் பாதி போர் தண்ணிதான். "செம்புக் குடத்தில்தானே வைக்கிறோம், சோதிக்கணுமா" என்று கேட்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

கவிதா, 11:36
சரி, நான் "குறையும்" என்று எழுதவே இல்லையே? "முன்னோர்கள் நம்பினார்கள்" என்றுதானே போட்டேன். அது உண்மைதானே?

பிரபு, 11:45
அக்கா, அதுதான் நழுவல் வேலை. வாங்குகிறவர் காதில் "சர்க்கரை, தைராய்டு" மட்டும்தான் விழும், "நம்பினார்கள்" விழாது. அதை நம்பி மாத்திரையை நிறுத்தினவர் வீட்டில் போய் "நாங்கள் சொல்லவில்லை, முன்னோர் சொன்னார்கள்" என்று சொல்ல முடியுமா? இது விளம்பரம்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் போடலாம். படத்துக்கும் இதே கதைதான். சர்க்கரை மீட்டரைப் பாட்டில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தால் எழுதாமலே எழுதின மாதிரி.

கோபி அத்தை, 12:10
எனக்கு ஒரு சந்தேகம். போன வருசம் பழனிக்குப் போனபோது செம்பு பாட்டிலில் எலுமிச்சை ஜூஸ் உப்புப் போட்டுக் கொண்டு போனேன். காலையில் நிரப்பினது, மத்தியானம் குடித்தேன். வாயெல்லாம் பத்துப் பைசாவைச் சப்பின மாதிரி இருந்தது. தாராபுரம் தாண்டறதுக்குள் வாந்தி. பஸ் ஆகலைன்னு நினைத்தேன்.

பிரபு, 12:19
பஸ்ஸாகவும் இருக்கலாம் அத்தை, இப்போது கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அந்த ருசி செம்பு கரைந்ததற்கான அடையாளம். புளிப்பு பட்டால் செம்பு வேகமாகக் கரையும். அதிகமானால் குமட்டல், வாந்தி வரும். எலுமிச்சை, மோர், புளித் தண்ணி, சோடா எதுவும் இதில் வேண்டாம். அப்படி ருசித்தால் துப்பிவிட்டுக் கொட்டிவிடுங்கள்.

கோபி அத்தை, 12:21
அட, அதுதான் புளி போட்டால் பளபளவென்று ஆகுதா! கரைந்து போகிறதா!

பிரபு, 12:23
அதேதான் அத்தை. மேலே இருக்கும் கறுப்புப் படலம் கரைகிறது. விளக்குகிறபோது நல்லது, குடிக்கிறபோது இல்லை.

கவிதா, 12:30
விளக்குவதைப் பற்றி ஒன்று. கடையில் மூன்று வருசமாக இருக்கும் பாட்டில் வெளியே இன்னும் புதுசு மாதிரி மின்னுது. உள்ளே பார்த்தால் பழுப்பு.

பிரபு, 12:36
அப்போ வெளியே லாக்கர் பூச்சு அடித்திருக்கிறார்கள். வெறும் செம்பு அப்படி மின்னாது. அதைக் கட்டாயம் எழுது. தெரியாமல் புளி போட்டுத் தேய்த்தால் பூச்சு திட்டுத்திட்டாகப் போய் புலித்தோல் மாதிரி ஆகும். அப்புறம் உன்மேல்தான் புகார் வரும். உள்ளே பழுப்பானால் பரவாயில்லை. பச்சைக் களிம்பு பிடித்தால் எலுமிச்சை உப்பு போட்டு ஒரு நிமிஷம் குலுக்கி, மூன்று நான்கு தடவை நல்ல தண்ணியில் அலசி, மூடாமல் கவிழ்த்துக் காய வைக்கணும். களிம்பு போகாவிட்டால் அந்தப் பாட்டிலில் குடிக்க வேண்டாம்.

கவிதா, மதியம் 2:40
மறுபடி எழுதினேன்.

"செம்பு பாட்டில். மூடி இல்லாமல் எடை 262 கிராம், கழுத்து வரை 940 மில்லி பிடிக்கும். விட்டம் 7.3 செ.மீ., உயரம் 26 செ.மீ. வெளிப்புறம் லாக்கர் பூச்சு உண்டு, உள்ளே பூச்சு இல்லை. மூடியில் சிலிக்கான் வாசர்.

குடிக்கத் தகுந்த தண்ணீருக்கு மட்டும். தண்ணீரைச் சுத்தப்படுத்தாது. எலுமிச்சை, மோர், பழச்சாறு, பால், சூடான பானம் ஊற்ற வேண்டாம். உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய் உள்ளவர்களும், செம்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியவர்களும் பயன்படுத்த வேண்டாம்.

உள்ளே பழுப்பாவது செம்பின் இயல்பு. வெளியே மெல்லிய துணியால் துடைத்தால் போதும், புளி போட வேண்டாம். கீழே விழுந்தால் நசுங்கும்."

பெருந்துறை மாமா, 2:55
இதைப் படித்தால் பயந்து யாரும் வாங்க மாட்டார்கள் அம்மிணி. நல்லதாக ஒரு வரி கூட இல்லையே. ராத்திரி வைத்துக் குடிக்கிறது நம்ம பழக்கம் என்றாவது எழுது.

கவிதா, 2:58
பழக்கம் என்று எழுதினால் தப்பாடா பிரபு?

பிரபு, 3:04
பழக்கம் உண்மைதான். ஆனால் சரக்கு விவரத்தில் அது வந்தாலே "எதற்கு நல்லது" என்று அடுத்த கேள்வி வரும். நான் எழுதமாட்டேன். உன் கடை, உன் முடிவு. அழகைச் சொல்வதில் தடையே இல்லை, சுத்தியல் தட்டின அச்சு இருக்கிறதே, அதை எழுது. வெயில் படுகிற மாதிரி படம் எடு.

கவிதா, 3:06
ஆமா, அதை மறந்தே போனேன். "உடல் முழுக்கச் சுத்தியல் தட்டின குழி அச்சு" என்று சேர்க்கிறேன்.

பெருந்துறை மாமா, 3:10
நான் என்னவோ இன்றைக்கும் ராத்திரி நிரப்பித்தான் வைப்பேன்.

பிரபு, 3:11
நல்ல தண்ணியாக இருந்தால் வையுங்க மாமா, யார் வேண்டாம் என்றது. பிரஷர் மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க.

செவ்வாய்

கவிதா, இரவு 7:45
போட்டு ரெண்டு நாள் ஆச்சு. 6 விற்றது. ஒருத்தர் கேட்டிருக்கிறார், "இதில் தண்ணி குடித்தால் முட்டிவலி போகுமா?" என்ன பதில் போட?

பிரபு, 7:52
"அப்படி எதுவும் நாங்கள் சொல்லவில்லைங்க, முட்டிவலிக்கு மருத்துவரைப் பாருங்கள். பாட்டில் பற்றி வேறு ஏதாவது தெரியணுமா?" இவ்வளவு போதும். வாங்கினவர் "வலி போயிடுச்சு" என்று விமர்சனம் எழுதினால் அதை எடுத்து விளம்பரத்தில் போட்டுவிடாதே, அதுவும் நீ சொன்ன மாதிரிதான்.

கவிதா, 7:58
அனுப்பிட்டேன். அவர் திரும்பக் கேட்டது, வாசர் தனியாகக் கிடைக்குமா என்று. அதை நான் யோசிக்கவே இல்லை.

கோபி அத்தை, 8:15
எனக்கும் ஒன்று எடுத்து வை கண்ணு. வாசர் ரெண்டு சேர்த்துப் போடு. ஜூஸுக்கு ஸ்டீல் பாட்டில் இருக்கு.