கிளைக்கோலைசிஸ், சிட்ரிக் அமிலச் சுழற்சி: கார்பனைப் பின்தொடர்ந்தபோது எங்கே வழி தவறினீர்கள்?

வெண்பனி:
பாதை வரைபடத்தைப் படிக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

குளுக்கோஸின் ஆறு கார்பன்களுக்கும் எண் போட்டு, பென்சிலால் ஒவ்வொன்றாகத் துரத்திக்கொண்டு போனேன். ஆல்டோலேஸ் வெட்டும் இடத்தில் 1, 2, 3 ஒரு பக்கம், 4, 5, 6 மறுபக்கம். பைருவேட் வரை சிக்கல் இல்லை. 3-ம் 4-ம் பைருவேட்டின் கார்பாக்சில் முனையில் வந்து உட்கார்கின்றன. பைருவேட் அசிட்டைல் கோ-ஏ ஆகும்போது கார்பன் டை ஆக்சைடாகப் போவது அவைதான். ஆக, குளுக்கோஸிலிருந்து முதலில் வெளியேறுவது முனைக் கார்பன்கள் அல்ல, நடுவில் இருக்கும் இரண்டு. இதைக் கண்டபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் அசிட்டைலின் இரண்டு கார்பன்களுக்கும் வண்ணம் கொடுத்தேன். மெத்தில் சிவப்பு, கார்பனைல் நீலம். சுழற்சியில் இரண்டு நுழைகின்றன, இரண்டு கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகின்றன. அப்படியென்றால் நுழைந்தவைதானே வெளியேற வேண்டும்? ஒன்றைச் சிவப்பாகவும் மற்றதை நீலமாகவும் வரைந்து தேர்வில் எழுதினேன். தவறு என்று வந்தது. முதல் சுற்றில் வண்ணம் பூசிய கார்பன் ஒன்றுகூட வெளியேறாதாம். ஏன் என்று இன்னும் மனதில் பதியவில்லை.

தேன்சிட்டு:
எனக்கும் இதே கதைதான். நான் புரிந்துகொண்டது இது: முதல் சுற்றில் போவது ஆக்சலோஅசிட்டேட்டில் ஏற்கெனவே இருந்த பழைய கார்பன்கள். அடுத்த சுற்றில் சிவப்பு, நீலம் இரண்டும் சேர்ந்து போய்விடும். ஒரு சுற்று தாமதம், அவ்வளவுதான்.

கருங்கல்:
எண்ணிக்கை பற்றிய கேள்வி என்றால் என் அனுபவம் ஏடிபி கணக்கில். ஆல்டோலேஸுக்குப் பிறகு எல்லாம் இரண்டு மடங்கு என்பதை மறந்து, ஒரே ஒரு மூன்று கார்பன் துண்டை மட்டும் கடைசிவரை கொண்டுபோனேன். செலவு 2, அந்தத் துண்டில் கிடைத்தது 2, ஆக கிளைக்கோலைசிஸில் நேரடி லாபம் பூஜ்யம். என்ஏடிஎச் 5, ஒன்றுக்கு 2.5 வீதம் 12.5. எஃப்ஏடிஎச்2 ஒன்றுக்கு 1.5. ஜிடிபி 1. மொத்தம் 15. பிறகு மடங்கு நினைவுக்கு வந்து 15-ஐ இரண்டால் பெருக்கினேன். 30 வந்தது. புத்தகத்திலும் 30 என்று இருந்ததால் நிம்மதியாக மூடிவைத்துவிட்டேன்.

செம்பருத்தி:
கதிரியக்கக் கார்பனை வைத்துப் பல வருடங்கள் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் நான். இரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கருங்கல், உங்கள் 30 சரியான இடத்திலிருந்து வரவில்லை. தொடக்கத்தில் செலவாகும் 2 ஏடிபி, துண்டு இரண்டாவதற்கு முன்னால் நடப்பது. அதையும் சேர்த்து இரட்டித்துவிட்டீர்கள். செலவை ஒரே முறை கழித்தால் 32. புத்தகத்தின் 30 வேறு காரணத்தால் வருவது. சைட்டோசாலில் உண்டாகும் 2 என்ஏடிஎச்சின் எலக்ட்ரான்கள் கிளிசரால் பாஸ்பேட் வழியாக மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போனால், ஒன்றுக்கு 2.5-க்குப் பதில் 1.5 தான் கிடைக்கும். விடை ஒன்றாக இருந்தாலும் வழி வேறு. பிளவுக் கோட்டுக்கு மேலே ஒரு கூட்டல், கீழே ஒரு கூட்டல் என்று தனித்தனியாக எழுதிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

இப்போது வண்ணங்கள். சிட்ரேட்டைப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கைகள், எது அசிட்டைலிலிருந்து வந்தது என்று தாளில் தெரியாது. ஆனால் அகோனிடேஸ் நொதிக்குத் தெரியும். அது ஆக்சலோஅசிட்டேட்டிலிருந்து வந்த கையில்தான் ஹைட்ராக்சிலை மாற்றி வைக்கும். அதனால் அடுத்து வெளியேறும் இரண்டு கார்பன் டை ஆக்சைடும் அந்தப் பழைய பகுதியிலிருந்தே போகின்றன. 1941-ல் நடந்த சோதனைகளில் அடையாளமிட்ட கார்பன் ஆல்பா-கீட்டோகுளூட்டரேட்டின் ஒரே முனையில் மட்டும் தெரிந்தது. சமச்சீரான சிட்ரேட் வழியாகப் போனால் இரண்டு முனையிலும் அல்லவா தெரிய வேண்டும் என்று நினைத்து, சிட்ரேட் அந்தப் பாதையிலேயே இல்லை என்று பலர் முடிவு கட்டினார்கள். சமச்சீராகத் தோன்றும் மூலக்கூறின் இரு கைகளையும் நொதி பிரித்தறிய முடியும் என்று 1948-ல் ஆக்ஸ்டன் காட்டிய பிறகுதான் அது தீர்ந்தது.

தேன்சிட்டு, நீங்கள் சொன்னதில் நீலம் சரி, சிவப்பு சரியில்லை. சக்சினேட் உண்மையிலேயே சமச்சீரானது, அங்கே எந்த நொதிக்கும் தலை வால் தெரியாது. அதனால் நீலம் புதிய ஆக்சலோஅசிட்டேட்டின் இரண்டு முனைக் கார்பாக்சில்களிலும் பாதிப் பாதியாகப் பரவும். அடுத்த சுற்றில் அந்த இரண்டு முனைகளும் போய்விடும், நீலம் முழுவதும் காலி. சிவப்போ நடுவிலுள்ள இரண்டு இடங்களில் இருக்கும். இரண்டாம் சுற்றில் அது வெளியேறாது, பாதி மட்டும் முனைக்கு நகரும். 100 சிவப்புக் கார்பனுடன் தொடங்கினால் முதல் சுற்றில் 0, இரண்டாவதில் 0, மூன்றாவதில் 50, நான்காவதில் 25 என்று போகும்.

தேன்சிட்டு:
இப்போதே வரைந்து பார்த்தேன். சக்சினேட்டைத் தலைகீழாக ஒன்று, நேராக ஒன்று என இரண்டு தாளில் வைத்துக்கொண்டு மேலே போனால் சரியாக வருகிறது. ஒரே தாளில் வரைந்ததால்தான் இதுவரை எனக்குச் சிவப்பு பாதிப் பாதியாகப் பிரியவே இல்லை.

ஆலமரம்:
நான் மாணவன் இல்லை. மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிட்டுவரும் ஆள். கொழுப்பு அசிட்டைல் கோ-ஏ ஆகிறது, அதன் கார்பன் ஆக்சலோஅசிட்டேட்டில் தங்குகிறது என்கிறீர்கள். ஆக்சலோஅசிட்டேட்டிலிருந்து குளுக்கோஸ் செய்யலாம் என்று படத்தில் அம்புக்குறி இருக்கிறது. அப்படியானால் என் உடம்பு கொழுப்பிலிருந்து சர்க்கரை செய்துகொள்ளுமா?

செம்பருத்தி:
நல்ல கேள்வி. அடையாளமிட்ட கொழுப்பு அமிலத்தைக் கொடுத்தால் அந்தக் கார்பன் இரத்தச் சர்க்கரையில் தெரியத்தான் செய்யும். ஆனால் கூடுதலாகச் சர்க்கரை கிடைக்காது. இரண்டு கார்பன் நுழையும்போது வேறு இரண்டு போய்விடுகின்றன, ஆக்சலோஅசிட்டேட்டின் எண்ணிக்கை ஒன்றுகூட ஏறாது. செடிகளும் பல பாக்டீரியாக்களும் அந்த இரண்டு வெளியேற்றப் படிகளையும் தாண்டிப் போகும் கிளையாக்சலேட் குறுக்குவழி வைத்திருக்கின்றன, நமக்கு அது இல்லை. கொழுப்பில் குளுக்கோஸாக மாறுவது பெரும்பாலும் கிளிசரால்தான், அது சிறிய பகுதிதான்.

ஆலமரம்:
அப்போ கார்பன் இடம் மாறுகிறது, வரவு மட்டும் ஏறவில்லை. படத்தில் அம்புக்குறி மட்டும் பார்த்தால் இது தெரியாது போலிருக்கிறது.

வெண்பனி:
சிவப்பு 0, 0, 50, 25 எனக்கும் வந்துவிட்டது. ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. இது சுழற்சியில் இருப்பது அத்தனையும் உள்ளேயே சுற்றினால்தானே? ஆல்பா-கீட்டோகுளூட்டரேட் குளுட்டமேட்டாக வெளியே போகிறது, பைருவேட்டிலிருந்து ஆக்சலோஅசிட்டேட் புதிதாக உள்ளே வருகிறது. உண்மையான செல்லில் இந்த 50 எவ்வளவாக இருக்கும்?

செம்பருத்தி:
ஒரே பதில் கிடையாது. கல்லீரல் செல்லில் ஒன்று, இதயத் தசையில் வேறொன்று. எதில் அடையாளமிட்டோம், எவ்வளவு நேரம் விட்டோம் என்பதையும் சொன்னால்தான் கணக்கே தொடங்க முடியும். நாங்கள் குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து எந்தக் கார்பனில் எவ்வளவு அடையாளம் இருக்கிறது என்று அளந்து, அங்கிருந்து பின்னோக்கிப் போவோம்.

கருங்கல்:
பிளவுக் கோடு போட்டு மறுபடி கூட்டினேன். மேலே கழித்தல் 2, கீழே 34. ஆக 32.