பொருள்: உத்தரம் பக்கவாட்டில் சாய்ந்து திருகுவதற்கு என்ன சொல் வைக்கலாம்?

அகராதிப்பித்தன் எழுதியது:

வணக்கம். எஃகுக் கட்டுமானச் சொற்பட்டியலில் ஒரு பதிவு தகராறு செய்கிறது. உயரம் அதிகமாகவும் அகலம் குறைவாகவும் உள்ள உத்தரத்தில் பாரம் ஏற ஏற அது கீழ்நோக்கித்தானே வளைய வேண்டும்? ஒரு கட்டத்தில் அதை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் சாய்ந்து திருகிக்கொள்கிறது. இதற்கு நம் வரைவில் 'பக்க முறுக்கு வளைவு' என்று போட்டிருக்கிறோம். அப்படியே விடலாமா? உத்தரத்தைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் பிரேசிங்குக்கும் ஒரு சொல் வேண்டும்.

கர்டர்காரி எழுதியது:

'வளைவு' வேண்டாம். பாரத்துக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தொய்வதைத்தான் நாம் வளைவு என்கிறோம். நீங்கள் கேட்பது வேறு. அதுவரை நேராக நின்ற ஒன்று, பாரம் ஓர் எல்லையைத் தொட்டதும் நிலைமாறிப் போவது. அந்த நேரத்தில் எஃகு அதன் பலத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் தொட்டிருக்கலாம். எஃகின் பலம் தீர்ந்து விழுவதில்லை, நிலைகுலைந்து விழுகிறது.

முறுக்கு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், சொல் அமைக்க உதவும். இரு முனையிலும் தாங்கி வைத்த உத்தரத்தில் மேல் பட்டையான மேல் பிளேஞ்ச் அமுக்கத்தில் இருக்கும், கீழ்ப் பட்டையான கீழ் பிளேஞ்ச் இழுவையில் இருக்கும். மேல் பிளேஞ்சை மட்டும் தனியாக நினைத்துப் பாருங்கள். படுக்கவைத்த தூண் அது. மெல்லிய தூணை அழுத்தினால் எந்தப் பக்கம் தடையில்லையோ அந்தப் பக்கம் நெளியும். மேலும் கீழும் போகவிடாமல் நடுவில் நிற்கும் தகடான வெப் பிடித்துக்கொள்கிறது. பக்கவாட்டில் பிடிக்க யாருமில்லை, அதனால் அங்கே கிளம்புகிறது. கீழ் பிளேஞ்ச் இழுபடுவதால் நேராகவே இருக்கப் பார்க்கிறது. மேலே ஓடுகிறது, கீழே நிற்கிறது, நடுவில் இருக்கும் வெப் சாய்கிறது. அந்தச் சாய்வைத்தான் முறுக்கு என்கிறோம். மூல காரணம் அமுக்கம். முறுக்கு அதன் விளைவு.

மூன்றாமாண்டு சிவில் எழுதியது:

வணக்கம் மேடம். அப்படியென்றால் பக்கவாட்டு விறைப்பு குறைவாக இருப்பதுதான் காரணம், சரிதானே? தூணுக்கு ஆய்லர் சூத்திரம் போலவே இதற்கும் நடுவில் ஒரு பிரேசிங் கொடுத்தால் நீளம் பாதியாகும், தாங்குதிறன் நான்கு மடங்காகும். உயரத்தில் எங்கே கட்டினாலும் நீளம் பாதிதானே. பேசாமல் 'பக்க நெளிவு' என்றே வைத்துவிடலாம் என்று தோன்றுகிறது.

கர்டர்காரி எழுதியது:

பாதி சரி தம்பி. பக்கவாட்டு விறைப்பு முக்கியம்தான். ஆனால் திருகத்தானே வேண்டும், அதற்கும் உத்தரம் எதிர்ப்புக் காட்டுகிறது. உத்தரம் நிலைகுலையும் திருப்புத்திறனான Mcr-இல் இரண்டும் பெருக்கலில் வருகின்றன:

```
Mcr = √[ (π²·E·Iy / L²) · (G·It + π²·E·Iw / L²) ]
```

முதல் அடைப்பு பக்கவாட்டு வளைவுக்கு. இரண்டாவது திருகலுக்கு, அதில் `G·It` என்ற பகுதிக்கு நீளமே கிடையாது. அதனால் நீளத்தைப் பாதியாக்கினால் இரண்டு மடங்குக்கும் நான்கு மடங்குக்கும் இடையில் எங்கோதான் விடை நிற்கும். 300 மி.மீ. உயர எஃகு உத்தரமான ஐஎஸ்எம்பி 300-க்குப் போட்டுப் பார்த்தேன். நீளம் முழுதும் ஒரே திருப்புத்திறன் என்று வைத்துக்கொண்டேன். 6 மீட்டரில் 74 கிலோநியூட்டன்-மீட்டர், 3 மீட்டரில் 193. ஏறக்குறைய 2.6 மடங்கு. 6 மீட்டரில் அந்த 74 வரும்போது பிளேஞ்சில் தகைவு 128 மெகாபாஸ்கல்தான். எஃகு இளகுவது 250-இல். பாதிதான் என்று மேலே சொன்னது இதை வைத்துத்தான்.

ஆனால் இது குறையே இல்லாத உத்தரத்துக்கான கணக்கு. உண்மையான உத்தரம் கொஞ்சம் கோணலாகத்தான் வரும், உருட்டும்போது உள்ளேயே தகைவும் தங்கிவிடும். அதையெல்லாம் கழித்து, எஃகுக் கட்டுமானத்துக்கான இந்திய விதிநூல் ஐஎஸ் 800 தரும் வடிவமைப்பு மதிப்பு இப்படி வருகிறது: பிடி இல்லாமல் 6 மீட்டர் என்றால் 56. நடுவில் ஒரு பிடி கொடுத்து 3 மீட்டர் ஆக்கினால் 107. இரண்டு பிடி, 2 மீட்டர் என்றால் 128. மூன்று பிடி, 1.5 மீட்டர் என்றால் 136. எத்தனை பிடி போட்டாலும் 148-க்கு மேல் போகாது, அங்கே எஃகே இளகிவிடும். முதல் பிடி 51 தந்தது, மூன்றாவது பிடி 8-தான் தந்தது. நெருக்க நெருக்கப் பிடி போட்டு வெல்டிங் கூலியை ஏற்றுபவர்களுக்கு இதை அச்சடித்துக் கொடுக்கலாம்.

எங்கே கட்டினாலும் சரி என்றதுதான் முழுத் தவறு. இழுவையில் இருக்கும் கீழ் பிளேஞ்சைப் போய்ப் பிடித்தால், ஓடவே நினைக்காத ஒன்றைப் பிடித்த மாதிரி. மேல் பிளேஞ்ச் தன் போக்கில் போகும்.

ராசிபுரம் ஃபேப்ரிகேஷன் எழுதியது:

அக்கா வணக்கம். சொல் எதுவானாலும் எனக்குச் சம்மதம். என் பட்டறையில் ஒரு மேடை இருக்கிறது, அதைக் கேட்டுவிடுகிறேன். 6 மீட்டரில் இரண்டு ஐஎஸ்எம்பி 300 பக்கத்தில் பக்கத்தில் போட்டு, மேலே இயந்திரம் நிற்கிறது. ஒவ்வொரு உத்தரத்துக்கும் நடுவில் 3 டன் வரும். நடுவில் ஒரு சின்ன ஆங்கிளை வைத்து இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். ஆக எனக்கு 107 கிடைத்துவிட்டது, இல்லையா? இரண்டு வருஷமாக அசையாமல் நிற்கிறது. கொஞ்சம் நடுவில் தொய்வு தெரிகிறது, அதற்கு என்ன சொல்வது?

கர்டர்காரி எழுதியது:

தொய்வு வேறு விஷயம், அதற்குச் சொல் இருக்கிறது, விட்டுவிடுங்கள். பயப்பட வேண்டியது அந்த ஆங்கிளைப் பற்றித்தான்.

இரண்டு உத்தரமும் ஒரே பக்கம் சாய்ந்தால் நடுவில் இருக்கும் ஒற்றை ஆங்கிள் என்ன செய்யும்? கூடவே போகும். இடைவெளி மாறாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். போதையில் தள்ளாடும் இரண்டு பேர் தோளில் கைபோட்டுக்கொண்ட கதை. யாராவது ஒருவர் சுவரைப் பிடித்திருக்க வேண்டும். அதனால் உங்களுக்கு 107 இல்லை, 56-க்குப் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள். 3 டன்னும் உத்தரத்தின் சொந்த எடையும் சேர்த்து நடுவில் 46 வருகிறது. பாதுகாப்புக் காரணி 1.5 போட்டால் ஏறக்குறைய 70. அசலில் 46 என்பதால் இத்தனை நாள் நின்றிருக்கிறது, 70 என்ற கணக்கில் தேறவில்லை. நடுவில் ஒற்றைப் பாரம் என்றால் நான் எடுத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், உண்மை. ஆனால் இயந்திரம் மேல் பிளேஞ்சின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. பிளேஞ்ச் நகர்ந்தால் பாரமும் நகர்ந்து மேலும் தள்ளும். இதற்காகவே விதிநூல் நீளத்தை 1.2 மடங்காக எடுக்கச் சொல்கிறது. ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என்று நான் துணிய மாட்டேன்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. மேடை மட்டத்திலேயே, மேல் பிளேஞ்சோடு சேர்த்து, உத்தரத்தின் நடுவிலிருந்து தூணின் தலைக்குக் குறுக்காக ஒரு ஆங்கிள் ஓட விடுங்கள். தூண் அந்தத் திசையில் அசையாமல் இருக்க வேண்டும். மேல் பிளேஞ்ச் விசையில் 2.5 சதவீதத்துக்குப் பிடி தாங்க வேண்டும் என்பது விதி. 70-ஐ பிளேஞ்சுகளின் இடைவெளியான 0.29 மீட்டரால் வகுத்தால் 240 கிலோநியூட்டன், அதில் 2.5 சதவீதம் 6 கிலோநியூட்டன். ஏறக்குறைய 600 கிலோ. இரண்டு உத்தரத்தையும் அந்த ஒரே ஆங்கிள் பிடித்தால் இரு மடங்கு. ஆங்கிள் குறுக்காகப் போவதால் அதற்குள் விசை இன்னும் கூடும், அதைச் சாய்வுக்கு ஏற்பக் கணக்குப் போட வேண்டும்.

அதற்கு முன் இன்றைக்கே ஒரு நூல் பிடியுங்கள். மேல் பிளேஞ்ச் விளிம்பில் முனைக்கு முனை ஒரு நூல், கீழ் பிளேஞ்சில் ஒரு நூல். கீழே நேராக இருந்து மேலே மட்டும் வில் போட்டிருந்தால் இயந்திரத்தை இறக்கிவிட்டு எனக்கு எழுதுங்கள்.

தமிழாசிரியர், தஞ்சை எழுதியது:

கணக்கு எனக்கு எட்டாது. ஆனால் படுத்த தூண் ஒரு பக்கம் கிளம்பிப் போகிறது என்றது மனதில் நிற்கிறது. 'ஒசிதல்' என்ற பழைய சொல் இதற்குப் பொருந்தும். பாரத்தால் கொம்பு ஒரு பக்கம் வளைந்து துவளுவதை ஒசிதல் என்பார்கள், முறிதலுக்கும் அது உண்டு. தூண் நெளிவதற்கு 'ஒசிவு', உத்தரத்தில் முறுக்கோடு வருவதால் 'முறுக்கொசிவு'. வளைவோடு குழம்பாது.

மூன்றாமாண்டு சிவில் எழுதியது:

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் வகுப்பில் 'ஒசிவு' என்றால் பையன்கள் ஓசியில் கிடைத்தது என்று சிரிப்பார்கள். 'நெளிவு' ஏற்கனவே தெரிந்த சொல், 'முறுக்குநெளிவு' என்றால் போதாதா?

கர்டர்காரி எழுதியது:

எனக்கு முறுக்கொசிவு பிடிக்கிறது. 'நெளிவு' பாம்பு போல அலை அலையாகப் போவதை நினைவூட்டுகிறது. தகட்டில் அலை அலையாய் மடிப்பு விழுவதும் உண்டே, அதற்கு நெளிவை ஒதுக்கி வைக்கலாம். 1899-இல் பிராண்டில் இதைப் பற்றி ஆய்வேடு எழுதியபோது, கவிழ்தல் என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லையே வைத்தார். அதே ஆண்டு மிச்செல் தனியாக இதே விடையைக் கண்டார். ஜெர்மானியர்களுக்கு ஒரு சாதாரணச் சொல்லே போதுமாக இருந்திருக்கிறது. நமக்கும் போதும்.

பிடி என்ற சொல்லைப் பற்றி ஒரு கவலை. இரண்டு வகைப் பிடி உண்டு. ஒன்று மேல் பிளேஞ்ச் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது. இன்னொன்று நகர்வதை விட்டுவிட்டுத் திருகலை மட்டும் தடுப்பது. பாலங்களில் இரண்டு கர்டர்களுக்கு நடுவே குறுக்குச் சட்டகம் போடுகிறார்களே, அது இரண்டாவது வகை. மேலே சொன்ன ஒற்றை ஆங்கிள் மாதிரி இல்லாமல் அது வேலை செய்யும், ஏனென்றால் உயரமாக இருந்து இரு உத்தரத்தையும் திருகவிடாமல் பூட்டுகிறது. அதற்கும் எல்லை உண்டு. நீளமான, நெருங்கிய இரண்டு கர்டர்கள் ஒரே ஜோடியாகச் சேர்ந்து ஒசியலாம். அப்போது சட்டகத்தை எத்தனை நெருக்கமாகப் போட்டாலும் பெரிதாக உதவாது. ஆபத்து பெரும்பாலும் கட்டும்போதுதான். கான்கிரீட் தளம் இறுகிய பிறகு மேல் பிளேஞ்சை அதுவே பிடித்துக்கொள்ளும். கனடாவின் எட்மண்டனில் 2015 மார்ச்சில் க்ரோட் சாலைக்கு மேலே செல்லும் 102-ஆவது அவென்யூ பாலத்தின் கர்டர்கள் தளம் போடும் முன்பே, ஏற்றி வைத்த நிலையில் பக்கவாட்டில் வளைந்துபோயின. போதிய பிரேசிங் இல்லாததுதான் காரணம்.

அகராதிப்பித்தன் எழுதியது:

சரி, இப்படிப் பதிகிறேன். 'முறுக்கொசிவு' முதல் பதிவு, 'முறுக்குநெளிவு' மாற்றுச் சொல். பிரேசிங்குக்குப் 'பக்கப்பிடி', இரண்டு பிடிகளுக்கு இடையில் உள்ள நீளத்துக்குப் 'பிடியிடை நீளம்'. திருகலை மட்டும் தடுப்பதற்குத் 'திருகுபிடி' என்று எழுதினேன். அது திருகிவிட்டுப் பிடிப்பது போல் ஒலிக்கிறது. 'திருகுத்தடை' என்றால் பிடி என்ற தொடர்பே போய்விடுகிறது. வேறு யாராவது யோசியுங்கள், அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.

ராசிபுரம் ஃபேப்ரிகேஷன் எழுதியது:

அக்கா, நூல் பிடித்தோம். கீழே நேர். மேலே ஒரு உத்தரத்தில் 4 மி.மீ., இன்னொன்றில் 9, இரண்டும் ஒரே பக்கம். வரும்போதே அப்படி வந்ததா, இப்போது போனதா தெரியவில்லை. இயந்திரத்தை இன்று மாலை இறக்குகிறோம். குறுக்கு ஆங்கிளுக்கு 65×65×6 போதுமா?